சிவப்பு கார், ஒரே வாசல்: முதல் நகர்வை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

மாலதி_கோவை

பையனுக்கு யாரோ ஒரு ரஷ் ஹவர் பலகை கொடுத்தார்கள். கார்களும் லாரிகளும் முழுசாக இருக்கின்றன, புதிர் அட்டைகள்தான் இல்லை. அவன் சித்தப்பா ஒரு தாளில் இந்த நிலையை வரைந்து கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். விடையைக் கேட்டால் சிரிக்கிறார்.

```
வ வ . . . ல
ய . . ட . ல
ய ச ச ட . ல
த த . ட . .
க . ம ந ந .
க . ம ப ப ப
```

ச தான் சிவப்பு கார், அதை வாசல் வழியாக வெளியே எடுக்க வேண்டும். வாசல் 3ஆம் வரிசையின் வலது ஓரத்தில். ட, ல, ப மூன்றும் மூன்று கட்ட லாரி, மற்றதெல்லாம் இரண்டு கட்ட கார். புள்ளி என்றால் காலி. எந்த வண்டியும் தான் நிற்கும் திசையில் முன்னும் பின்னும்தான் போகும். தூக்கக் கூடாது, திருப்பக் கூடாது.

பையன் கைக்குக் கிடைத்ததையெல்லாம் நகர்த்துகிறான். நானும் அதைத்தான் செய்கிறேன், கொஞ்சம் நிதானமாக. சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறோம். விடை வேண்டாம். எங்கிருந்து யோசிக்க ஆரம்பிப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

இரா_சு

எங்க அபார்ட்மென்ட்லயும் தினம் இதே கூத்துதாங்க. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் நிறுத்திடறாங்க, வெளியே போக ஒரே கேட். காலைல 8 மணிக்கு முன்னாடி நிக்கிறவரோட வீட்டுக் கதவைத் தட்டணும். ராத்திரியே எல்லாரும் சாவியை வாட்ச்மேன்கிட்ட கொடுத்துடணும்னு கூட்டத்துல முடிவு போடுங்க, பிரச்சனை தீர்ந்துடும்.

மாலதி_கோவை

சார், இது உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பலகை :)

ஆட்டோ_செல்வம்

போன்ல அன்பிளாக் மீ ரொம்ப நாளா ஆடறேன், அதே சங்கதிதான், காருக்குப் பதில் மரக்கட்டை. என் வழி சிம்பிள். காலி இடமெல்லாம் வாசல் பக்கம் சேரணும். உங்க படத்துல ந-வை வலப்பக்கம் ஒரு கட்டம் தள்ளுங்க. ட லாரி உடனே ஒரு படி கீழே இறங்கும். லாரி கீழேதான் போயாகணும், அது பார்த்தாலே தெரியுது. அப்புறம் ப-வை இடது பக்கம் ஒதுக்குற வழியைப் பாருங்க. முன்னேற்றம் தெரியுற நகர்வைச் செஞ்சுக்கிட்டே போனா தானா திறக்கும்.

பழையபுதிர்

செல்வம் சொன்னதில் பாதியை எடுத்துக்கொள்கிறேன். ட கீழேதான் போக வேண்டும் என்பது சரி. ஏன் என்பதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்தே வருகிறது.

சிவப்பு நிற்பது 3ஆம் வரிசை. அதற்கு மேலே இரண்டு வரிசை, கீழே மூன்று வரிசை. செங்குத்தாக நிற்கும் கார் சிவப்பை மறித்தால் மேலேயும் ஒதுங்கலாம், கீழேயும் ஒதுங்கலாம். லாரிக்கு அந்த வசதி கிடையாது. மேலே இரண்டே கட்டம் இருப்பதால் மூன்று கட்ட லாரி அங்கே அடங்காது. 4, 5, 6ஆம் வரிசைகளில் போய் உட்கார்ந்தால்தான் வழி விடும். அந்த ஒரு இடத்தைத் தவிர வேறு இடமே இல்லை. செங்குத்து லாரி எங்கே மறித்து நின்றாலும் அதன் கடைசி இடம் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

இப்போது கையைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு, சிவப்பிடமிருந்து வாசல் வரை பாருங்கள். 4ஆம் நிரலில் ட நிற்கிறது, 6ஆம் நிரலில் ல நிற்கிறது. இரண்டும் லாரி, இரண்டும் அடியில் போய் உட்கார வேண்டும். அப்படியானால் அந்த இரண்டு நிரலிலும் கீழ் மூன்று கட்டமும் காலியாக வேண்டும். அங்கே இப்போது யார் இருக்கிறார்கள்?

ப லாரி 6ஆம் வரிசையில் படுத்திருக்கிறது, 4, 5, 6ஆம் கட்டங்களில். ட-வுக்காக 4ஆம் கட்டத்தை விட வேண்டும், ல-வுக்காக 6ஆம் கட்டத்தை விட வேண்டும். மூன்று கட்ட நீளத்துக்கு இரண்டையும் விட்டு நிற்க இடது ஓரம் மட்டும்தான் மிச்சம்: 1, 2, 3.

அடுத்தது ந. அது 5ஆம் வரிசையில் 4, 5ஆம் கட்டங்களில் இருக்கிறது. ட-வுக்காக 4ஐ விட வேண்டும், சரி. செல்வம் சொன்னபடி வலப்பக்கம் தள்ளினால் 5, 6இல் போய் நிற்கும். ல இறங்க வேண்டிய 6ஆம் கட்டத்தை அப்போது இது அடைத்துக்கொள்ளும். ட-வை மட்டும் பார்த்தால் அது நல்ல நகர்வு, இரண்டு லாரியையும் சேர்த்துப் பார்த்தால் இல்லை. ந இடது பக்கம்தான் போக வேண்டும்.

இதுவரை ஒரு வண்டியைக்கூட நாம் தொடவில்லை, ஆனால் நான்கு வண்டிகளின் கடைசி இடம் தெரிந்துவிட்டது. மாலதி, ப இடது ஓரத்துக்குப் போக யார் யார் விலக வேண்டும்? அங்கிருந்து நீங்களே இழுத்துப் பாருங்கள்.

மாலதி_கோவை

முயற்சி பண்ணினேன், தாளில் எழுதிக்கொண்டே.

ப-வுக்கு 6ஆம் வரிசையில் 1, 2, 3 வேண்டும். 2 காலி. 1இல் க இருக்கிறது, 3இல் ம இருக்கிறது.

க மேலே ஒரு கட்டம் ஏறினால் போதும். அதற்கு மேல் இருக்கும் கட்டத்தில் த. த வலது பக்கம் ஒன்று நகர்ந்தால் க ஏறிவிடும். 4ஆம் வரிசை 3ஆம் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. நல்லது.

ம-வும் மேலே ஒரு கட்டம் ஏறினால் போதும். அதற்கும் வேண்டியது அதே 4ஆம் வரிசை 3ஆம் கட்டம்! இரண்டு பேருக்கும் ஒரே கட்டம். இங்கேதான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறோம் என்று இப்போது புரிகிறது. த-வை நகர்த்தினால் ம அசையாது, ம-வை ஏற்றினால் த அசையாது.

நிரலன்

இரண்டு வரி கணினி நிரல் எழுதி ஓட்டினால் முடிந்தது. ஒரு நகர்வில் வருவதையெல்லாம் பார்த்துவிட்டு அடுத்து இரண்டு நகர்வு என்று அகல வாரியாகத் தேடினால் மிகக் குறைந்த நகர்வே முதலில் கிடைக்கும். இதற்கு 11 நகர்வு, சிவப்பு வெளியேறுவதையும் சேர்த்து. வேண்டுமென்றால் பட்டியலைப் போடுகிறேன்.

மாலதி_கோவை

வேண்டாம் வேண்டாம்! 11 என்று தெரிந்ததே போதும்.

பழையபுதிர்

மாலதி மாட்டிக்கொண்ட இடம்தான் இந்தப் புதிரின் உயிர்நாடி. சித்தப்பா தெரிந்தேதான் போட்டிருக்கிறார்.

ஒரே கட்டத்தை இரண்டு பேர் கேட்டால் இரண்டு கேள்வி கேளுங்கள். இருவரும் கடைசிவரை அங்கேயே இருக்க வேண்டுமா? இல்லை, ஒருவர் அதைக் கடந்து போனால் போதுமா?

முதலில் த. அதற்கு வேறு புகலிடம் உண்டா? க-வுக்கு வழி விட 1ஆம் கட்டத்தை விட வேண்டும். ட கீழே உட்காரும்போது 4ஆம் கட்டம் அதனுடையது. ல இறங்கியதும் 6ஆம் கட்டமும் போய்விடும். இரண்டு கட்ட காருக்கு மிச்சம் 2, 3 மட்டும். த-வின் இடம் உறுதி, அந்தக் கட்டம் கடைசியில் அதற்குத்தான்.

அப்படியென்றால் ம அங்கே தங்க முடியாது. கீழே 6ஆம் வரிசையை ப எடுத்துக்கொள்ளும். நடுவில் 3ஆம் வரிசை சிவப்பின் பாதை. மிச்சம் உச்சியில் 1, 2ஆம் வரிசைகள். ம ஒரு கட்டம் ஏறினால் போதாது, நான்கு கட்டம் ஏறி உச்சிக்கே போக வேண்டும், அதுவும் த அங்கே வந்து உட்காருவதற்கு முன்பே.

ம மேலே ஏற 3ஆம் வரிசை 3ஆம் கட்டம் வேண்டும். அங்கே நிற்பது யார் என்று பாருங்கள்.

மாலதி_கோவை

சிவப்பு காரேதான்!

அப்போது சிவப்பு பின்னால் போக வேண்டுமா? வாசலை விட்டு விலகியா? எனக்கு அந்த யோசனையே வரவில்லை. பையனும் சிவப்பை இடது பக்கம் நகர்த்தினால் நானே "தப்பு தப்பு" என்பேன்.

சரி, தொடர்கிறேன். சிவப்பு ஒரு கட்டம் பின்னால் போக ய விலக வேண்டும். ய-வின் கீழே த இருக்கிறது, அதனால் மேலே. மேலே போக வ வலது பக்கம் போக வேண்டும். வ-வை ஒரு கட்டம் தள்ளினேன், ய ஏறியது, சிவப்பு பின்வாங்கியது, ம-வை ஏற்றினேன்... 2ஆம் வரிசைக்கு வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் வ. ம-வின் வால் இன்னும் சிவப்பின் பாதையில் இருக்கிறது.

பழையபுதிர்

வ-வை ய மட்டும் கேட்டிருந்தால் ஒரு கட்டம் போதும். ஆனால் ம-வும் 1ஆம் வரிசை 3ஆம் கட்டத்தைக் கேட்கிறது. இரண்டு பேர் கேட்பதையும் சேர்த்துப் பார்த்தால் வ மூன்று கட்டம் போக வேண்டும், 4, 5க்கு. பின்னாலிருந்து சங்கிலி பிடித்து வரும்போது ஒரு வண்டியின் பெயர் இரண்டாவது தடவை வந்தால் அங்கே நின்று, இரண்டு கோரிக்கைகளையும் சேர்த்தே அதற்கு இடம் பாருங்கள். மறுபடி நகர்த்தும் வேலை மிச்சம்.

இப்போது தாளில் உள்ள சங்கிலியைத் தலைகீழாகப் படித்தால் விடை. வ வலம் 3. ய மேலே 1. ச இடம் 1. ம மேலே 4. த வலம் 1. க மேலே 1. ப இடம் 3. ந இடம் 2. ட கீழே 2. ல கீழே 3. சிவப்பு வெளியே. நிரலனின் 11 இதுவாகத்தான் இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் ப, ந வரிசை மாறினாலும் பரவாயில்லை, ட இறங்குவதற்குள் இரண்டும் நடந்திருந்தால் சரி.

மாலதி விடை வேண்டாம் என்று சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை அவரே வந்துவிட்டார், இனி மறைக்க என்ன இருக்கிறது?

ஜெயந்தி_டொராண்டோ

நான் இதை வாசிக்க முதல் மேலே போட்டிருக்கிற படத்தை மட்டும் பார்த்து அடுக்கிச் செய்து பார்த்தனான். எனக்கு வேற வழியால வந்தது. வ-வையும் ய-வையும் நான் தொடவே இல்லை. சிவப்பு வாசலுக்கு எதிர்ப்பக்கம் போகவும் இல்லை.

ட-வை முதலில் மேலே ஏற்றிவிட்டேன், ஒரு கட்டம். அப்ப 4ஆம் வரிசை முழுக்கத் திறக்கும். த-வை வலது ஓரத்துக்குத் தள்ளினேன். பிறகு ம மேலே 1, க மேலே 1, ப இடம் 3, ந வலம் 1. இப்ப ட கீழே 3 இறங்கும். சிவப்பு வலப்பக்கம் 2 போய் ல-வுக்கு முன்னால நிற்கும். அதன் முதுகுக்குப் பின்னால ம மேலே 3 ஏறி உச்சிக்குப் போகும். சிவப்பு பழைய இடத்துக்கு வரும். ட திரும்ப மேலே 3. த இடப்பக்கம் 3, ந இடப்பக்கம் 3. ட கீழே 3, ல கீழே 3, சிவப்பு வெளியே.

எண்ணிப் பார்த்தால் 16. கூடத்தான், ஆனால் பிழையில்லைத்தானே?

பழையபுதிர்

பலகையில் வைத்துப் பார்த்தேன், சுத்தமாக வருகிறது. அருமையான வழி.

கவனியுங்கள், இந்த வழியிலும் கடைசி நிலையில் ம உச்சியில்தான் இருக்கிறது, த 2, 3இல், ப இடது ஓரத்தில், ந இடப்பக்கம். பின்னாலிருந்து பார்த்து நாம் உறுதி செய்த இடங்கள் ஒன்றுகூட மாறவில்லை. ம சிவப்பைத் தாண்டிய விதம்தான் மாறியது. நான் சிவப்பை இடது பக்கம் ஒதுக்கி அதன் முன்னால் ஏற்றினேன், ஜெயந்தி வலது பக்கம் அனுப்பி அதன் பின்னால் ஏற்றினார். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழியும் கிடையாது.

அதை வைத்தே 11க்குக் கீழே வராது என்று நிரல் இல்லாமலே சொல்லலாம். ச, ட, ல, ப, ந, ம, க, த ஆகிய எட்டும் ஒரு தடவையாவது நகர்ந்தே ஆக வேண்டும். இடது வழி என்றால் சிவப்பு பின்வாங்கும் நகர்வு ஒன்று கூடுதல், அதற்காக ய ஒன்று, ய-வுக்காக வ ஒன்று. எட்டும் மூன்றும் பதினொன்று. வலது வழி என்றால் ட மட்டுமே நான்கு தடவை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது, த, ந, ம மூன்றும் இரண்டிரண்டு தடவை, சிவப்பு மூன்று தடவை. ஜெயந்தி அந்த வழியில் ஒரு நகர்வைக்கூட வீணாக்கவில்லை.

ஆட்டோ_செல்வம்

ஒரு சந்தேகம். 11, 16 எல்லாம் எப்படி எண்றீங்க? நான் ஆடின ஒரு ஆப்ல ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒண்ணு ஏறும். அந்தக் கணக்குல உங்க விடை 25 வருது.

நிரலன்

இரண்டு எண்ணும் முறையும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு வண்டியை ஒரே இழுப்பில் எத்தனை கட்டம் தள்ளினாலும் ஒரு நகர்வு என்பது ஒன்று, கட்டத்துக்குக் கட்டம் எண்ணுவது இன்னொன்று. சிவப்பு வாசல் ஓரத்தைத் தொடும் நான்கு கட்டத்தையும் சேர்த்தால் 25 சரிதான். எது கடினமான புதிர் என்று ஒப்பிடும்போது இரண்டையும் கலந்துவிட்டால் குழப்பம். இந்த இழையில் எல்லோரும் இழுப்பைத்தான் எண்ணுகிறார்கள்.

ஆட்டோ_செல்வம்

சரி. ஆனா இந்தப் பின்னாலிருந்து யோசிக்கிறது ஆரம்ப நிலைகளுக்குத்தான்னு என் எண்ணம். கஷ்டமான நிலைகள்ல சங்கிலி தன்னையே சுத்திக்கிட்டு வருது. அதுக்கு நான் வேற மாதிரி செய்வேன். சிவப்பு வெளியே போன மாதிரி கடைசி நிலையை அடுக்கிட்டு, அதிலிருந்து பின்னோக்கி ஆடி ஆரம்ப நிலைக்கு வருவேன். எந்த நகர்வையும் திருப்பிச் செய்யலாம்ங்கறதால அது நேர்மையான விடைதான்.

பழையபுதிர்

திருப்பிச் செய்யலாம் என்பது உண்மை, அது பெரிய சௌகரியமும்கூட. பெட்டியைத் தள்ளும் சோகோபானில் ஒரு பெட்டியை மூலையில் தள்ளிவிட்டால் ஆட்டம் முடிந்தது. இதில் அப்படி ஒரு மீளாத நிலை இல்லை. எவ்வளவு தாறுமாறாக நகர்த்தினாலும், வந்த வழியே திரும்பினால் ஆரம்பம் வந்துவிடும். பையன் இஷ்டத்துக்கு நகர்த்துவதால் புதிர் கெட்டுப்போகாது, மாலதி கவலைப்பட வேண்டாம்.

ஆனால் செல்வம், கடைசி நிலையை அடுக்குவது என்கிறீர்களே, அதில் சிவப்பைத் தவிர மற்ற வண்டிகள் எங்கே நிற்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? சிவப்பு வெளியேறிய நிலை ஒன்றல்ல, நிறைய இருக்கும். மாலதியின் புதிரில் நம்மால் அதை அடுக்க முடிந்தது, ஏனென்றால் லாரிகள் இடத்தைக் கட்டிப் போட்டுவிட்டன. லாரி குறைந்து கார் அதிகமான பலகையில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று இடம் சாத்தியம், அப்போது எந்தக் கடைசி நிலையிலிருந்து பின்னோக்கி ஆடுவீர்கள்?

ஆட்டோ_செல்வம்

கண் பழக்கம்தான். பத்துல ஏழு தடவை சரியா வரும்.

பழையபுதிர்

அதை நான் மறுக்கவில்லை. கண் பழக்கம் இருப்பவருக்கு எந்த முறையும் தேவையில்லை, கேட்டவருக்கு அது இல்லையே.

சங்கிலி சுற்றிக்கொண்டு வரும்போது எனக்கு உதவுவது ஒன்றுண்டு. ஒரே கோட்டில் நிற்கும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று தாண்டவே முடியாது. 1ஆம் நிரலில் ய மேலே, க கீழே. ஆட்டம் முடியும்வரை அப்படித்தான். இரண்டுக்கும் சேர்த்து நான்கு கட்டம் வேண்டும், ஆகவே க எவ்வளவு ஏறினாலும் அதன் வால் 4ஆம் வரிசைக்கு மேலே போகாது. அதாவது 6ஆம் வரிசையை க விட்டுவிட்டால், 4ஆம் வரிசை முதல் கட்டம் எப்போதுமே அதன் வசம்தான். த அங்கே திரும்பி வரவே முடியாது என்பது இதிலிருந்து வருகிறது. "க-வை இன்னும் மேலே ஏற்றிப் பார்க்கலாமே" என்று தோன்றும் பத்துப் பதினைந்து நகர்வுகளை இந்த ஒரு கணக்கு வெட்டிவிடும். ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் யார் யார், மொத்த நீளம் எவ்வளவு, மிச்சம் எத்தனை கட்டம் என்று முதலில் ஒருமுறை பார்த்துவிடுவது என் பழக்கம்.

நிரலன்

செல்வம் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கொஞ்சம் வரலாறு சேர்த்துச் சொல்கிறேன். இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் ஜப்பானின் நோப் யோஷிகஹாரா, 1970களில். அமெரிக்காவில் 1996இல் ரஷ் ஹவர் என்ற பெயரில் வந்தது, 40 அட்டைகளோடு. 2002இல் கேரி ஃபிளேக், எரிக் பாம் என்ற இருவர் இந்த ஆட்டத்தைப் பலகை அளவு எதுவாக இருந்தாலும் என்று பொதுவாக்கி, அது பி-ஸ்பேஸ் முழுமை வகையைச் சேர்ந்தது என்று நிரூபித்தார்கள். எந்தப் பெரிய பலகையைக் கொடுத்தாலும் சுருக்கமாகத் தீர்த்துக் கொடுக்கும் ஒரு முறை கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்காத வகை அது. பின்னாலிருந்து இழுக்கும் சங்கிலி எல்லா இடத்திலும் வேலை செய்திருந்தால் அப்படி ஒரு முடிவு வந்திருக்காது.

ஆறுக்கு ஆறு பலகை சிறியது, கணினிக்கு அது விளையாட்டு. மைக்கேல் ஃபோகில்மன் என்பவர் 2018இல் இந்த அளவில் உள்ள புதிர்களை வாரியெடுத்துத் தரவுத்தளமாகவே போட்டார். அதில் அசையாத தடுப்புகள் இல்லாத பலகைகளில் மிகக் கடினமானதற்கு 51 நகர்வு. அந்த மாதிரிப் புதிரில் ஒரே கார் இப்படியும் அப்படியும் பல தடவை போய் வரும். அங்கே "இவனுடைய கடைசி இடம் எது" என்ற கேள்வி போதாது, "இந்த நேரத்தில் இவன் எங்கே நிற்க வேண்டும்" என்று கேட்க வேண்டியிருக்கும்.

பழையபுதிர்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னாலிருந்து யோசிப்பது அங்கேயும் வீண் இல்லை, சங்கிலி துண்டு துண்டாக உடையும், அவ்வளவுதான். முதல் துண்டு ஒரு இடைநிலையைத் தரும், அங்கிருந்து மறுபடி சிவப்பின் முன்னால் நிற்பது யார் என்று ஆரம்பிக்க வேண்டும். 51 நகர்வுப் புதிரை அப்படி முடித்தவரை நான் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாலதி_கோவை

பையனுக்கு இதை எப்படிக் காட்டுவது? பத்து வண்டியையும் ஒன்றாகப் பார்த்தால் அவன் மிரள்கிறான். நான் பேசிக்கொண்டே போனால் நடுவில் எழுந்து போய்விடுகிறான்.

பழையபுதிர்

வண்டிகளைப் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். ச-வையும் ட-வையும் மட்டும் வையுங்கள். லாரியை இறக்கு, சிவப்பை எடு, இரண்டே நகர்வு. மேலே ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், ஏன் முடியவில்லை என்று அவனே கண்டுபிடிப்பான். பிறகு ப-வைச் சேருங்கள், மூன்று நகர்வு. பிறகு க, பிறகு த. அடுத்து ம-வைச் சேர்க்கும்போதுதான் சிவப்பு பின்வாங்க வேண்டிய சங்கடம் வரும், அதில் அவனை வேண்டிய நேரம் விட்டுவிடுங்கள். ல-வை மட்டும் ம-வுக்கு முன்பே சேர்த்துவிடுங்கள், ந கடைசியில் வந்தாலும் சரி. வ-வும் ய-வும் இல்லாத எட்டு வண்டிப் பலகைக்கு 9 நகர்வு, ய சேர்ந்தால் 10, வ சேர்ந்தால் 11. சித்தப்பாவும் அநேகமாக இந்த வரிசையில்தான் புதிரைக் கட்டியிருப்பார். ஒவ்வொரு வண்டியும் முந்தைய விடையின் ஒரு நகர்வைத் தடுப்பதற்காகவே வைக்கப்பட்டது.

உங்களுக்கு ஒரு வண்டி கூடுதலாகத் தருகிறேன். ம உச்சியில் ஒதுங்கும் இடத்தை அடைக்க, 2ஆம் வரிசையில் ற என்று ஒரு கார்:

```
வ வ . . . ல
ய ற ற ட . ல
ய ச ச ட . ல
த த . ட . .
க . ம ந ந .
க . ம ப ப ப
```

இடது பக்கம் ய, வலது பக்கம் ட. ற எந்தப் பக்கமும் அசையாது. ட கொஞ்சமாவது இறங்கினால்தான் அது வலப்பக்கம் நகரும். ட இறங்க ந விலக வேண்டும். ந இடது பக்கம் விலக ம வழி விட வேண்டும். ம ஏற ற விலக வேண்டும். செல்வம் சொன்ன சுற்று இதுதான்.

ஆட்டோ_செல்வம்

இதுக்கு ந-வை வலப்பக்கம் தள்ளித்தான் ஆகணும். ட ஒரு படி இறங்கும், ற வெளியே வரும். முதல்லயே சொன்னேன்ல.

ஜெயந்தி_டொராண்டோ

அப்படிச் செய்தால் ட இறங்கி ந-வின் வழியில நிற்கும், ற அதன் தலைக்கு மேலே வந்திடும். பிறகு ந இடப்பக்கம் வர ஏலாது, ல-வுக்கும் வழியில்லை. நான் அதில போய்த்தான் இறுகி நிற்கிறேன்.

மாலதி_கோவை

வந்துவிட்டது என்று நினைக்கிறேன்! ம ஒரே மூச்சில் உச்சிக்குப் போக வேண்டியதில்லை. சிவப்பு பின்வாங்கிய பிறகு ம இரண்டு கட்டம் மட்டும் ஏறி, சிவப்பின் பாதையிலேயே நிற்கட்டும். 5ஆம் வரிசை திறந்துவிட்டது, ந இடது பக்கம் போய்விடும், ட ஒரு படி இறங்கும், ற வெளியே வரும், அப்புறம் ம மிச்ச தூரத்தை ஏறும்.

எழுதுகிறேன்: வ வலம் 3, ய மேலே 1, ச இடம் 1, ம மேலே 2, ந இடம் 2, ட கீழே 1, ற வலம் 2, ம மேலே 2, த வலம் 1, க மேலே 1, ப இடம் 3, ட கீழே 1, ல கீழே 3, சிவப்பு வெளியே. 14.

ம-வை முழுசாக ஏற்ற முடியவில்லையே என்றுதான் முதலில் நின்றேன். ந-வுக்கு வேண்டியது ம உச்சிக்குப் போவது இல்லை, 5ஆம் வரிசையை விடுவது மட்டும்தான் என்று தாளில் எழுதியபோது தெரிந்தது.

பழையபுதிர்

சரியான விடை. யார் என்ன கேட்கிறார்களோ அந்த அளவுக்கு மட்டும் கொடுப்பது, அதுதான் சுற்றை உடைத்தது.

ஆட்டோ_செல்வம்

14 தான் குறைஞ்சதா? ம ரெண்டு தடவை, ட ரெண்டு தடவை போகுது. ட-வை மேலே ஏத்தி த-வை வலப்பக்கம் அனுப்புற ஜெயந்தி வழியில இதுக்கும் ஏதாவது குறுக்கு இருக்கும்னு தோணுது. நிரலன், உங்க ரெண்டு வரியை இதுக்கும் ஓட்டுங்களேன்.

ஜெயந்தி_டொராண்டோ

அந்த வழியில ற வலப்பக்கம் வந்த பிறகு ட மேலே ஏறாது, த-வும் வலது ஓரத்திலேயே அடைபட்டுப் போகும். நான் விடிய விடிய அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரும் அதால கொண்டு போனால் சொல்லுங்கோ.